பிளக் பேஸுக்கு மூடி போடலாமா? தவழும் பிள்ளை உள்ள வீட்டுக்கான கேள்வி பதில்

ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலைப் பக்கம் வீட்டு வயரிங் செய்து பிழைக்கிறவன் நான். பிள்ளை தவழத் தொடங்கியதும் பெற்றோர் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலானவை மூடியைப் பற்றியவைதான், அதனால் அதில் தொடங்குகிறேன்.

டவுன்ல பிளக் பேஸுக்குக் குத்துற வெள்ளை மூடி பக்கெட் பக்கெட்டா விக்கிறாங்க. வாங்கிப் போடவா?

உங்கள் வீட்டில் இருப்பது சதுர ஓட்டை உள்ள 13 ஆம்பியர் பேஸ் என்றால் வேண்டாம். ஏற்கனவே போட்டிருந்தால் கழற்றி விடுங்கள். அந்த பேஸுக்குள்ளேயே பிள்ளைக்கான பாதுகாப்பு இருக்கிறது. மூடி அதைக் கெடுக்கத்தான் செய்கிறது.

உருண்டை ஓட்டை உள்ள பழைய பேஸ் என்றால் கதை வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

மூடினா எப்படி அண்ணே ஆபத்து கூடும்? ஓட்டை அடைபடுதுதானே?

ஒரு 13 ஆம்பியர் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள எர்த் ஊசி மற்ற இரண்டையும் விட நீளம். பிளக்கைச் செருகும்போது அதுதான் முதலில் உள்ளே போகும். கரண்ட் உள்ள கீழ் ஓட்டை இரண்டையும் ஷட்டர் என்ற பிளாஸ்டிக் தட்டு மறைத்திருக்கும். அனேகமான பேஸ்களில் எர்த் ஊசி உள்ளே போனால்தான் அந்தத் தட்டு விலகும். எர்த் ஊசிதான் சாவி. இந்த பிளக் 1947இல் இங்கிலாந்தில் தரமாக வந்தபோதே, பிள்ளைகள் கை வைப்பார்கள் என்று யோசித்து இந்த ஷட்டரையும் சேர்த்துத்தான் கொண்டு வந்தார்கள்.

இப்போது கடையில் வாங்கிய மூடியைத் திருப்பிப் பாருங்கள். அதிலும் மூன்று ஊசி இருக்கும். அதாவது மூடியோடு சேர்த்துச் சாவியையும் பேஸில் குத்தி வைக்கிறீர்கள். ஷட்டர் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும், கரண்டுக்கும் பிள்ளைக்கும் நடுவில் அந்த மெல்லிய மூடி மட்டும்தான். ஒன்றரை வயதுப் பிள்ளை நகத்தைக் கொடுத்து அதைக் கழற்றி விடும். கழற்றுவதோடு விட்டால் பரவாயில்லை, ஷட்டர் மறுபடி மூடிக்கொள்ளும். ஆனால் பிள்ளை அதைத் திருப்பிச் செருகிப் பார்க்கும். தலைகீழாகப் பிடித்து எர்த் ஊசியை மட்டும் மேல் ஓட்டையில் விட்டால் மற்ற இரண்டு ஊசியும் பேஸுக்கு மேலே வெளியில் நிற்கும், கீழே கரண்ட் ஓட்டை இரண்டும் வாய் திறந்து கிடக்கும். இழுக்கிற இழுப்பில் அந்த பிளாஸ்டிக் ஊசி உள்ளே முறிந்து நின்றாலும் இதே கதைதான். மூடி இல்லாவிட்டால் பிள்ளை கையில் இப்படி ஒரு சாவியே கிடைக்காது.

இன்னொரு கேடு மெதுவாக வரும். இந்த மூடிகளுக்கென்று அளவுத் தரம் கிடையாது. ஊசி தடிப்பாக இருந்தால் பேஸுக்குள் உள்ள பித்தளைக் கவ்வி விரிந்து போகும். மெல்லியதாக இருந்தால் மூடி தொளதொளவென்று நிற்கும். விரிந்த கவ்வியில் பிறகு கேத்தலையோ அயன் பாக்ஸையோ குத்தினால் பிடிப்பில்லாமல் சூடேறி, பேஸின் முகம் மஞ்சளாகிக் கருகும். 2016இல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை, ஆஸ்பத்திரிகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் இந்த மூடிகளைப் பாவிக்க வேண்டாம், இருப்பதைக் கழற்றுங்கள் என்று எச்சரிக்கை அனுப்பியது. இதே பிளக்கைப் பாவிக்கிற நாடு அது. நம் கடைகளில்தான் இன்னும் ‘பேபி சேஃப்டி’ என்று எழுதி விற்கிறார்கள்.

எங்க வீட்டு பேஸ்ல ஷட்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு எப்படிப் பார்ப்பது?

மெயின் சுவிட்சை இறக்கி விட்டு, டோர்ச்சை அடித்து கீழ் ஓட்டை இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் முகத்துக்குக் கொஞ்சம் உள்ளே பிளாஸ்டிக் மறைப்புத் தெரிய வேண்டும். இருட்டுக் குழியாகவோ பித்தளை மின்னுவதாகவோ தெரிந்தால் ஷட்டர் சிக்கி நிற்கிறது அல்லது உடைந்திருக்கிறது. அதற்கு ரிப்பேர் கிடையாது, பேஸையே மாற்ற வேண்டும். அப்புறம் ஒரு நல்ல பிளக்கைச் செருகி எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். எடுத்த உடனே தட்டு பழைய இடத்துக்கு வர வேண்டும். பனி இறங்கும் வீடுகளில் அடுப்புப் புகையும் ஈரமும் சேர்ந்து உள்ளே பிசுபிசுப்பு பிடித்து, தட்டு பாதியில் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

புதிதாக வாங்கப் போனால் கடையிலேயே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். சுவரில் பூட்டாத பேஸ் என்பதால் பயமில்லை. பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து எர்த் ஊசியை மட்டும் மேல் ஓட்டையில் விடுங்கள். கீழ்த் தட்டு விலகினால் அது சாதாரண வகை. எர்த் ஊசியை விட்டும் தட்டு அசையாமல், மூன்று ஊசியும் சேர்ந்து அழுத்தினால் மட்டும் திறக்கிற வகையும் உண்டு. விலை கொஞ்சம் கூட. பிள்ளைக் கைக்கு எட்டும் உயரத்தில் பூட்டுவதற்கு அதைத்தான் கேட்டு வாங்குவேன்.

ரெண்டு ஊசி சார்ஜர் போட மேல் ஓட்டைல ஈர்க்கு குத்தித்தான் போடுறோம். எல்லாரும் அப்படித்தானே?

எல்லாரும் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஈர்க்கு, பேனா மூடி, சீப்புக் காம்பு என்று கைக்குக் கிடைத்ததைக் குத்துகிறோம். பிள்ளை உள்ள வீட்டில் நான் முதலில் நிறுத்தச் சொல்வது இதைத்தான். பத்து தடவை பார்க்கிற பிள்ளை பதினோராவது தடவை தானே குத்தும். அதன் கையில் கிடைப்பது ஈர்க்காக இராமல் ஹேர்பின்னாகவோ கரண்டிக் காம்பாகவோ இருக்கும். அதோடு, பக்கவாட்டில் நெம்பி நெம்பி ஷட்டரின் ஸ்பிரிங்கும் தளர்ந்து விடும். பிறகு எதையும் குத்தாமலே சார்ஜர் உள்ளே போகும். “இப்ப லேசாப் போகுது” என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் அந்த பேஸ் முடிந்தது என்று அர்த்தம்.

இரண்டு ஊசிச் சார்ஜரை உள்ளே வைத்து மூடி, ஸ்க்ரூ போட்டு இறுக்கும் 13 ஆம்பியர் மாற்று பிளக் கிடைக்கும். ஒரு தடவை போட்டால் அது சார்ஜரோடேயே இருந்துவிடும். முன்பக்கம் பலவித ஓட்டை வைத்த பயண அடாப்டரை இதற்கு வாங்காதீர்கள். அதில் ஊசி நுழைகிற இடத்தில் விரலும் கம்பியும் நுழையும்.

எங்க லயத்துல இன்னும் உருண்டை ஓட்டை பேஸ்தான். அதுக்கு என்ன?

பழைய 5 ஆம்பியர், 15 ஆம்பியர் உருண்டை பேஸ்களில் நிறையவற்றில் ஷட்டரே கிடையாது. டோர்ச் அடித்தால் நேரே பித்தளை தெரியும். கெடுக்க ஷட்டர் இல்லாததால், அதே அளவு உருண்டை ஊசி உள்ள மூடியை இறுக்கமாகப் போடுவது இங்கே ஓரளவு உதவும். ஆனால் தற்காலிகம்தான். கழன்ற மூடி பிள்ளையின் வாய்க்குள் போகிற அளவுதான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிரந்தர வழி 13 ஆம்பியர் ஷட்டர் பேஸுக்கு மாற்றுவது. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் சதுர ஊசி 13 ஆம்பியரைத்தான் நாட்டின் தரமாக அறிவித்திருக்கிறது. ஆனால் முகத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பழைய 5 ஆம்பியர் பேஸுக்கு லைட்டுக்குப் போகிற மெல்லிய வயரிலிருந்தே இழுத்திருப்பார்கள். அதில் 13 ஆம்பியர் முகம் வந்துவிட்டால் அடுத்த நாளே யாராவது 2000 வாட் கேத்தலைக் குத்துவார்கள், அது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். பழைய ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பி சுற்றியிருந்தால் ஃபியூஸ் போகாது, சுவருக்குள் வயர்தான் வேகும். அதனால் அந்த பேஸுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் எர்த்தோடு தனியாக வர வேண்டும். என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள ஒருவரிடம் கொடுங்கள்.

அப்ப உண்மையாவே பாதுகாப்பான மூடின்னு எதுவும் இல்லையா?

இருக்கிறது. ஓட்டைக்குள் எதையும் நுழைக்காத மூடி எல்லாம் யோசிக்கத் தகுந்தவை. நான் நம்புவது இரண்டு.

முதலாவது, பாவிக்காத பேஸுக்கு வெற்று முகத்தட்டு. பேஸைக் கழற்றி, வயர் முனைகளைக் கனெக்டரில் பூட்டி உள்ளே தள்ளி, ஓட்டையே இல்லாத தட்டை இரண்டு ஸ்க்ரூவால் மூடுவது. கட்டில் ஓரம், கதவு மூலை என்று யாரும் தொடாத பேஸ் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் மறுபடி பேஸைப் பூட்டிக் கொள்ளலாம்.

இரண்டாவது, பெட்டி மூடி. பேஸையும் அதில் குத்தியிருக்கும் பிளக்கையும் சேர்த்து மறைக்கும் பெட்டி இது, அடிப்பாகம் பேஸின் ஸ்க்ரூவோடு சேர்த்துப் பூட்டப்படும். டிவி, ஃபிரிட்ஜ், ரவுட்டர் என்று எப்போதும் குத்தியே இருக்கும் இடத்துக்கு இது. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். திறக்க இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டியதாக இருக்க வேண்டும். வயர் வெளியே வரும் வாய் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். பசை தடவி ஒட்டுகிற பெட்டி நம் பக்கத்து ஈரச் சுவரில் ஒரு மழைக்காலம் தாங்காது. பெரிய சார்ஜரை உள்ளே அடைத்தால் சூடு வெளியேறாது, அதற்கு இந்தப் பெட்டி வேண்டாம்.

பேஸில் உள்ள சுவிட்சை அணைத்து வைத்தால் போதாதா என்றும் கேட்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த சுவிட்ச் அனேகமாக ஒரு வயரை மட்டும்தான் வெட்டும். வயரிங்கில் லைவும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்ச் அணைந்த பிறகும் ஓட்டையில் கரண்ட் நிற்கும். அதோடு பிள்ளைக்கு சுவிட்சைத் தட்டத் தெரியாதா என்ன!

எக்ஸ்டென்ஷன் கோட்ல எல்லா பிளக்கும் போற ஓட்டை இருக்கே, அது?

பிள்ளை உள்ள வீட்டில் தரையில் கிடக்கவே கூடாத சாமான் அது. சதுரம், உருண்டை, தட்டை என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்க ஓட்டையைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். அதில் ஷட்டர் இருந்தாலும் பேருக்குத்தான். 13 ஆம்பியர் ஓட்டை மட்டும் உள்ளதை வாங்கி, சுவரில் ஸ்க்ரூ போட்டு உயரத்தில் தொங்க விடுங்கள். அதன் பிளக்கையும் பாருங்கள். நல்ல பிளக்கில் கீழ் ஊசி இரண்டின் அடிப் பாதியில் கறுப்பு உறை இருக்கும், எர்த் ஊசி முழுக்க வெறும் உலோகமாக இருக்கும். எர்த் ஊசிக்கும் உறை போட்டிருந்தால் போலி, அதில் எர்த் பிடிக்காது.

நுவரெலியாப் பக்கம் குளிருக்கு ரூம் ஹீட்டரைச் சுருட்டிய கோட்டில் குத்துகிறார்கள். சுருளுக்குள் சூடு தேங்கி வயர் உருகும். ஹீட்டரை நேரே சுவர் பேஸில் குத்துவதே சரி.

ஒரு சின்ன வீட்டை எடுத்து, எதை முதல்ல செய்யணும்னு சொல்லுங்களேன்?

தலவாக்கலைப் பக்கம் நான் வேலை செய்த ஒரு லய வீட்டைச் சொல்கிறேன். இஸ்தோப்பு, உள் காம்பரா, அடுப்படி. பதினான்கு மாதப் பிள்ளை. அம்மா கொழுந்துக்குப் போனால் ஆச்சிதான் பார்க்கிறார். பேஸ் நான்கு.

உள் காம்பராவில் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒன்று. சார்ஜருக்கு மட்டும் பாவித்தது, ஷட்டர் ஈர்க்கு வேலையால் போயே போய்விட்டது. அதைக் கழற்றி வெற்றுத் தட்டு போட்டு, சார்ஜருக்கு மேசைக்கு மேலே புதுப் பேஸ் ஒன்று பூட்டினேன். டிவி பேஸில் குத்துகிற மூடி இரண்டு இருந்தது, எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பெட்டி மூடி. டிவி வயர் மேசைக்கு முன்னால் தொங்கியது. பிள்ளை அதைப் பிடித்து எழும்பினால் கரண்ட் அடிப்பதற்கு முன் டிவி தலையில் விழும். வயரைச் சுவரோடு கேசிங் அடித்து மேலே கொண்டுபோய், டிவியையும் சுவரோடு கட்டினோம். இஸ்தோப்பில் இருந்தது உருண்டை 5 ஆம்பியர். அதற்குப் புது வயர் இழுக்க அந்த மாதம் காசு இல்லை. அதனால் லைட் வயரிலிருந்து அந்த இணைப்பையே வெட்டி மூடினேன். அடுப்படி பேஸ் நெஞ்சு உயரத்தில் இருந்தது, ஷட்டரும் நன்றாக இருந்தது. அதைத் தொடவில்லை. அங்கே பிரச்சினை கேத்தல் வயர். மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கியதால் கேத்தலைச் சுவரோரம் தள்ளி, மிச்ச வயரை மடித்துக் கட்டினோம்.

இவ்வளவுக்கும் வேலை ஒரு பகல்தான். மூடிக்கென்று வாங்கியது வெற்றுத் தட்டு ஒன்றும் பெட்டி மூடி ஒன்றும் மட்டும்.

ரைஸ் குக்கர் வயர் பேஸ்லயே குத்தித் தொங்குது. மறுமுனைல ஒண்ணும் இல்லைதானே?

மறுமுனையில்தான் எல்லாம் இருக்கிறது. குக்கரிலிருந்து கழற்றிய அந்த முனைக்குள் 230 வோல்ட் நிற்கிறது. லெப்டொப் சார்ஜரில் சுவரிலிருந்து கட்டைக்கு வரும் வயரும், கட்டையிலிருந்து கழற்றிவிட்டால் இதே மாதிரிதான். விரல் நுழையாத குழி என்பதால் பெரியவர்களுக்குப் பயமில்லை. பல் முளைக்கிற பிள்ளை அதை வாயில் வைத்து உறிஞ்சும். எச்சில் அந்தக் குழிக்குள் போய் உதட்டுக்கும் லைவுக்கும் பாலம் போடும். அப்போது வாயோரம் வெந்து போகும்.

இந்தக் காயம் ஆளை ஏமாற்றும். வாயோரம் சாம்பல் வெள்ளையாக ஒரு திட்டு, பெரிய வலியில்லை, இரத்தமில்லை. அதனால் மருந்து தடவிவிட்டு வீட்டிலேயே இருந்து விடுவார்கள். 5 முதல் 14 நாளுக்குள் அந்தப் பொருக்கு உதிரும்போது உதட்டின் இரத்தக் குழாய் திறந்து இரத்தம் பீறிடலாம், அதுவும் பிள்ளை தூங்கும்போது. ஆகவே அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். பிறகு இரத்தம் வந்தால் பெருவிரலை வெளியிலும் சுட்டு விரலை உதட்டுக்கு உள்ளேயுமாக வைத்து இறுக்கிப் பிடித்தபடியே கொண்டு போக வேண்டும்.

குக்கர் வயரைக் கழற்றும்போது சுவர்ப் பக்கத்தை முதலில் கழற்றி, வயரைக் குக்கருக்குள்ளேயே போட்டு மூடி வையுங்கள்.

வாளில போடுற ஹீட்டர்?

பிள்ளை விழித்திருக்கும் வீட்டில் வேண்டாம். பூட்டுகிற கதவு உள்ள இடத்தில், பிளாஸ்டிக் வாளியில் மட்டும், பெரியவர் ஒருவர் நின்று பார்த்தால் சரி. விறகு அடுப்பில் அண்டாவை வைத்துக் காய்ச்சுவது இதைவிட நிம்மதி.

ட்ரிப் சுவிட்ச் இருக்கே, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுதானே?

ட்ரிப் சுவிட்ச் இருப்பது பெரிய விஷயம், இல்லாவிட்டால் மூடிக்கு முன் அதைப் போடுங்கள். ஆனால் அது என்ன செய்யும் என்று தெரிந்து கொள்ள வேண்டும். லைவைத் தொட்டவரின் உடம்பு வழியாகக் கரண்ட் தரைக்குப் போகும்போது அந்தக் கசிவைக் கண்டு வெட்டும். அடி விழவே விழாது என்று இல்லை, உயிரைக் கொல்லும் நேரம் நீடிக்காது. பிள்ளை ஒரு கையில் லைவையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போன கரண்ட் அப்படியே திரும்பி வருவதால் சுவிட்சுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் ஷட்டரும் வேண்டும் என்கிறேன்.

முகத்தில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 100 என்று இருந்தால் அது ஆளைக் காக்க அல்ல. அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

இடி மழை நாளில் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி வயர் போட்டு வைத்திருக்கும் வீடுகள் மலையகத்தில் நிறைய. இடி இல்லாத நாளிலும் விழுந்தால் எங்கோ ஈரத்தில் கசிகிறது என்று அர்த்தம். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ஏற்றிப் பாருங்கள், ஒவ்வொன்றாகக் குத்துங்கள், எதில் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எதுவுமே குத்தாமல் விழுந்தால் சுவர் வயரிங்கில் பிரச்சினை, ஆளைக் கூப்பிடுங்கள்.

எலி கடிச்ச வயருக்கு டேப் சுத்தினா போதுமா?

போதாது. குளிரில் டேப்பின் பசை விட்டுப்போகும், பிள்ளை உரித்துவிடும். அந்த வயரை எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள்.

அப்படியும் பிள்ளைக்குக் கரண்ட் அடிச்சிட்டா?

பிள்ளையைத் தொடாதீர்கள். மெயினை இறக்குங்கள். மெயின் தூரம் என்றால் காய்ந்த தும்புத்தடிக் காம்பால் வயரைத் தட்டி விடுங்கள். விடுபட்டதும் மூச்சு இருக்கிறதா பார்த்து 1990 சுவசெரியவுக்கு அழையுங்கள். மூச்சு இல்லாவிட்டால் அவர்கள் போனிலேயே சொல்வதைக் கேட்டு வாயில் ஊதவும் நெஞ்சை அழுத்தவும் தொடங்குங்கள். பிள்ளை அழுது விளையாடத் தொடங்கிவிட்டாலும், கையிலோ வாயிலோ வெந்த தடம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிகிற இடத்தில் உள்ளே ஆழமாக வெந்திருக்கும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனா ஆச்சி வீட்ல ஒண்ணையும் மாத்த முடியாதே. அங்க என்ன செய்றது?

போன உடனே பிள்ளை உயரத்துக்குக் குனிந்து ஒரு சுற்று பாருங்கள். தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் கோட்டை எடுத்து அல்மாரி மேல் வையுங்கள். தொங்குகிற குக்கர் வயரைக் கழற்றுங்கள். குத்துகிற மூடி இருந்தால் எடுத்து விடுங்கள், ஆச்சி கோபித்தால் மேலே சொன்ன சாவிக் கதையைச் சொல்லுங்கள். பெயின்ட் டேப் ஒட்டி ஓட்டையை மறைப்பது வேண்டாம், பிள்ளைக்கு அது உரிக்கிற விளையாட்டு. பிள்ளை தூங்கும் காம்பராவின் பேஸ்களுக்குத் தனி பிரேக்கர் இருந்தால் அதை இறக்கி விட்டு, போன் சார்ஜை அடுப்படியில் போட்டுக் கொள்ளுங்கள்.